விடை 8/3 சரி, கிடைத்தது 3க்கு ஒன்றரை: lim, dx, சமக்குறி விட்டதற்கு மதிப்பெண் குறைக்கலாமா?

மயூர் விஹார் மீனா

தில்லித் தமிழர்களில் கணக்கு ஆசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். என் மகள் 12ஆம் வகுப்பு, சிபிஎஸ்இ. ப்ரீ-போர்டு விடைத்தாள்களைப் பார்த்துவிட்டுத் தரச்சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கணக்கில் மூன்று கேள்விகளுக்கு இறுதி விடை சரி, ஆனால் 3க்கு 1½, 2க்கு 1, 5க்கு 3½ என்று போட்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து 4 மதிப்பெண் போயிற்று. ஓரத்தில் சிவப்பு மையில் "நொட்டேஷன்" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. எது தப்பு என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. நான் கணக்கை 12ஆம் வகுப்போடு விட்டவள்.

முதல் கேள்விக்கு அவள் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

```
I = ∫₀³ x/√(1+x) dx
1+x = t²,  dx = 2t dt
I = ∫₀³ (t²−1)/t · 2t
  = 2 ∫₀³ (t²−1)
  = 2 [t³/3 − t]₀³
  = 2 [(1+x)^(3/2)/3 − √(1+x)]₀³
  = 2 [(8/3 − 2) − (1/3 − 1)]
  = 8/3
```

பள்ளியில் போய்க் கேட்பது நியாயமா, அல்லது மகளைத்தான் திருத்த வேண்டுமா? மற்ற இரண்டையும் பிறகு போடுகிறேன்.

நொய்டா டெவலப்பர்

மேடம், கட்டாயம் போய்க் கேளுங்கள். விடை சரி, முறை சரி. 1+x = t² என்று போட்டிருக்கிறாள், dx = 2t dt என்று தனியாக எழுதியும் இருக்கிறாள். அடுத்த வரியில் dt விட்டுப்போனதால் அவளுக்குக் கணக்கு தெரியாது என்று ஆகிவிடுமா? dx என்பது கடைசியில் வைக்கும் ஓர் அடையாளம்தானே. பாதி மதிப்பெண்ணைப் பிடுங்குவது அநியாயம். எங்கள் வேலையில் வெளியீடு சரியாக வருகிறதா என்றுதான் பார்ப்போம்.

சாக்பீஸ்

மீனா அம்மா, நான் தில்லியில் பல வருடம் 12ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன், போர்டு தாள்களும் திருத்தியிருக்கிறேன். கோபப்படாமல் ஒரே ஒரு வரியை மட்டும் பார்ப்போம். dt விட்டதை அப்புறம் பேசலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நான்காவது வரி: 2∫₀³ (t²−1). விட்டுப்போன dt-யை நாமே சேர்த்துக்கொண்டு, அவள் எழுதிய எல்லைகளோடு இதைக் கணக்கிடுங்கள். 2[t³/3 − t], t = 3 போட்டால் 2(9 − 3) = 12. t = 0 போட்டால் 0. ஆக அந்த வரியின் மதிப்பு 12. கடைசி வரியின் மதிப்பு 8/3. இரண்டுக்கும் நடுவில் சமக்குறி போட்டிருக்கிறாள். அதாவது 12 = 8/3 என்று அந்தத் தாளில் இருக்கிறது.

12 வர வாய்ப்பே இல்லை என்பதைக் கணக்கிடாமலே பார்க்கலாம். x/√(1+x) என்பது 0 முதல் 3 வரை ஏறிக்கொண்டே போகிறது, அதிகபட்சம் x = 3இல் 3/2. அகலம் 3, உயரம் 1.5க்கு மிகாது. பரப்பு 4.5ஐத் தாண்டவே முடியாது.

அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிகிறது. 0, 3 என்பவை x-இன் எல்லைகள், கடைசியில் x-க்குத் திரும்பப் போகிறோம், அதுவரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். ஆறாவது வரியில் x-க்குத் திரும்பியதால் விடை சரியாக வந்துவிட்டது. ஆனால் தாளில் மனது தெரியாது. ∫ குறிக்கு மேலும் கீழும் உள்ள எண்கள் யாருடைய மதிப்புகள் என்று சொல்வது கடைசியில் வரும் dx அல்லது dt-தான். அவள் dt-யை விட்டதால் 0, 3 யாருக்குச் சொந்தம் என்றே தெரியாமல் போய்விட்டது. dt எழுதியிருந்தால் கை தானாக நின்றிருக்கும்: "t-க்கு 0 முதல் 3 வரையா? இல்லையே, x = 0 என்றால் t = 1, x = 3 என்றால் t = 2." இரண்டு பிழைகளும் ஒரே இடத்தில் பிறந்தவை.

சரியாக எழுத இரண்டு வழி. ஒன்று, எல்லைகளையும் மாற்றுவது:

```
x = 0 ⇒ t = 1;  x = 3 ⇒ t = 2
I = ∫₁² (t²−1)/t · 2t dt
  = 2 ∫₁² (t²−1) dt
  = 2 [t³/3 − t]₁²
  = 2 [(8/3 − 2) − (1/3 − 1)] = 8/3
```

மற்றது, எல்லை இல்லாத இண்டெக்ரலைத் தனியாகக் கண்டுபிடித்து, x-க்குத் திரும்பி, அதன் பிறகு 0, 3 போடுவது. இரண்டும் ஒப்புக்கொள்ளப்படும். இரண்டையும் பாதிப் பாதி கலந்ததுதான் அவள் எழுதியது.

நொய்டா டெவலப்பர்

சார், நீங்கள் சொன்னதைக் கணினியில் போட்டுப் பார்த்தேன்.

```python
from sympy import symbols, sqrt, integrate
x, t = symbols('x t')
integrate(x/sqrt(1+x), (x, 0, 3))   # 8/3
integrate(2*(t**2-1), (t, 0, 3))    # 12
```

8/3, 12 இரண்டும் அப்படியே வருகின்றன. இன்னொன்றும் கவனித்தேன். (t, 0, 3) என்பதில் t-யை எடுத்துவிட்டு (0, 3) என்று மட்டும் கொடுத்தால் அந்த எல்லையை அது ஏற்கவே மாட்டேன் என்கிறது. dx வெறும் அடையாளம் என்று நான் சொன்னது நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3க்கு 1½ என்பது இன்னும் அதிகமாகத்தான் படுகிறது. ஒரே தவறுக்குப் பாதி மதிப்பெண்ணா?

சாக்பீஸ்

அங்கே உங்களோடு நான் உடன்படுகிறேன். போர்டு தாளுக்கு மதிப்பெண் வழங்கும் திட்டம் ஒன்று தருவார்கள், வரி வரியாக ½, 1 என்று பிரித்து. அதன் பொது அறிவுரைகளில் ஒரு பிழையின் தொடர் விளைவுக்காகத் திரும்பத் திரும்பக் குறைக்கக்கூடாது, ஒரு முறைதான் குறைக்க வேண்டும் என்று இருக்கும்.

இந்தக் கேள்விக்கு நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: பதிலீடு ½, சரியான எல்லைகளோடு மாறிய இண்டெக்ரல் 1, தொகையிட்டது 1, இறுதி மதிப்பு ½. மகளுக்கு இரண்டாவது மட்டும் போகும். 2 கிடைக்க வேண்டும். தொகையிட்ட வரியிலும் ₀³ என்று இருப்பதால் உங்கள் ஆசிரியர் அங்கேயும் அரை குறைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அது அதே பிழைதான். அந்த அரையை மரியாதையாகக் கேட்கலாம். முழு 3ஐக் கேட்டால் நியாயமில்லை.

காலு சராய் மாணவன்

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் போன வருடம் 12 முடித்துவிட்டு ஜேஇஇக்காக ஒரு வருடம் கோச்சிங்கில் இருக்கிறேன். இங்கே யாரும் dx எழுதச் சொல்வதில்லை. ஜேஇஇ மெயினில் ஸ்டெப் யார் பார்க்கிறார்கள்? விடையைக் குறித்தால் முடிந்தது. ரஃப் வேலையில் dx எழுதினால் நேரம்தான் வீண். அந்தத் தங்கையும் ஜேஇஇ எழுதுகிறாள் என்றால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மயூர் விஹார் மீனா

தம்பி, அவள் ஜேஇஇயும் எழுதுகிறாள். ஆனால் இப்போது கேள்வி போர்டு பற்றியது.

சாக்பீஸ் சார், மிக்க நன்றி. 12 = 8/3 என்று மகளிடம் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் "ஆமாம், நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்" என்றாள். இப்போது இரண்டாவது கேள்வி, 2 மதிப்பெண். f(x) = (1 − cos 4x)/x², x ≠ 0; f(0) = k. x = 0இல் தொடர்ச்சியாக இருக்க k என்ன?

```
lim(x→0) (1 − cos 4x)/x²
  = 2 sin² 2x / x²
  = 8 (sin 2x / 2x)²
  = 8
k = 8
```

இதில் எல்லை மாறியது போன்ற சிக்கல் ஒன்றும் இல்லையே? முதல் வரியில் lim எழுதியிருக்கிறாள். அடுத்தடுத்த வரிகளிலும் அதையே திரும்ப எழுத வேண்டுமா?

ஜெயா, வடக்கு வளாகம்

நான் கணிதத்தில் முதுகலை படிக்கிறேன், மாலையில் நான்கைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது இந்தப் பிழையைத்தான்.

ஆம் மீனா அக்கா, திரும்ப எழுதத்தான் வேண்டும். மகள் எழுதியதில் மூன்று சமக்குறிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் சமக்குறிக்கு இடப்பக்கம் lim இருக்கிறது. lim எடுத்து முடித்தால் அது ஓர் எண். வலப்பக்கம் 2 sin² 2x / x², அதில் x இன்னும் இருக்கிறது, x மாறினால் அதுவும் மாறும். ஓர் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றும் சமமாக முடியாது. இது பொய்.

இரண்டாவது சமக்குறி உண்மை. 2 sin² 2x / x² என்பதும் 8 (sin 2x / 2x)² என்பதும் 0 தவிர எந்த x-க்கும் ஒன்றே.

மூன்றாவது மறுபடி பொய். 8 (sin 2x / 2x)² = 8 என்றால் எந்த x-க்கும் அது 8ஆக இருக்க வேண்டும். x = π/4 போடுங்கள். sin(π/2) = 1, கீழே π/2. 8 × (2/π)² = 32/π², ஏறத்தாழ 3.24. 8 அல்ல.

இந்தக் கேள்வியில் உண்மையிலேயே சோதிப்பது அந்த மூன்றாவது சமக்குறியைத்தான். மற்றதெல்லாம் திரிகோணமிதி. x பூஜ்யத்தை நெருங்கும்போது 2x-உம் பூஜ்யத்தை நெருங்குகிறது, ஆகவே sin 2x / 2x ஒன்றை நெருங்குகிறது என்பதுதான் கால்குலஸ். lim-ஐ விட்டுவிட்டால் அந்த வாக்கியம் தாளில் எங்கேயும் இல்லை. திருத்துபவர் மதிப்பெண் தருவதற்கு அந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. அதனால்தான் 2க்கு 1. இப்படி எழுதியிருக்க வேண்டும்:

```
lim(x→0) (1 − cos 4x)/x²
  = lim(x→0) 2 sin² 2x / x²
  = 8 · lim(x→0) (sin 2x / 2x)²
  = 8 · 1² = 8
f தொடர்ச்சி ⇒ lim(x→0) f(x) = f(0) ⇒ k = 8
```

கடைசி வரியையும் விட வேண்டாம். தொடர்ச்சி என்ற நிபந்தனையைப் பயன்படுத்துவது அங்கேதான்.

காலு சராய் மாணவன்

அக்கா, இதற்கு இவ்வளவு எழுதுவானேன்? லோபிடால் போட்டால் இரண்டு வரி.

(1 − cos 4x)/x² = 4 sin 4x / 2x = 16 cos 4x / 2 = 8.

ஜெயா, வடக்கு வளாகம்

தம்பி, நீ எழுதியதில் lim விட்டது மகள் எழுதியதைவிட மோசமாகிறது. அவளுடைய நடுச் சமக்குறியாவது உண்மை. உன் மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. அதே x = π/4 போட்டுப் பார். முதல் கோவை 3.24. இரண்டாவது, sin π = 0 என்பதால் 0. மூன்றாவது 16 × (−1)/2 = −8. நீ 3.24 = 0 = −8 = 8 என்று எழுதியிருக்கிறாய்.

லோபிடால் விதி அந்தப் பின்னங்கள் சமம் என்று சொல்லவே இல்லை. அவற்றின் லிமிட்கள் சமம் என்றுதான் சொல்கிறது, அதுவும் 0/0 போன்ற வடிவம் இருந்தால் மட்டும். இங்கே lim என்ற சொல் போனால் விதியே போய்விடுகிறது. ரஃப் தாளில் எப்படி வேண்டுமானாலும் எழுது. ஆனால் இரண்டு முறை வகையிட்ட பிறகு நிறுத்த வேண்டுமா, இன்னொரு முறை போகலாமா என்பதை முடிவு செய்வதும் அந்த 0/0 சோதனைதான். lim எழுதாதவர்கள் அந்தச் சோதனையையும் மறந்து, இன்னொரு முறை வகையிட்டுவிடுவதை நான் பார்க்கிறேன்.

காலு சராய் மாணவன்

−8 வரும் என்று நினைக்கவே இல்லை. சரி அக்கா. ஆனால் போர்டில் லோபிடால் எழுதினால் மதிப்பெண் தருவார்களா, மாட்டார்களா? அதையும் சொல்லுங்கள்.

சாக்பீஸ்

அந்த விதி என்சிஇஆர்டி பாடத்தில் இல்லை. மாற்று முறை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்பதால் சிலர் முழுதாகக் கொடுக்கிறார்கள். பாடத்தில் இல்லாததை நிறுவாமல் பயன்படுத்தினான் என்று குறைப்பவர்களையும் அதே அறையில் பார்த்திருக்கிறேன். நான் கொடுப்பேன். ஆனால் உன் தாள் என்னிடம் வரும் என்று சொல்ல முடியாது.

ரோகிணி ராமன்

எனக்குத் தெரிந்த எளிய வழி இரண்டு சொல்கிறேன். ஒன்று, lim-ஐக் கடைசி வரி வரை விடவே கூடாது, lim 8 = 8 என்று எழுதி முடிக்க வேண்டும். இரண்டு, வரிக்கு வரி சமக்குறி போடுவதால்தானே இந்தத் தொல்லை எல்லாம்? சமக்குறிக்குப் பதில் ⇒ போட்டுவிட்டால் யாரும் குறைக்க முடியாது. என் பையன் எல்லா வரிக்கும் ⇒தான் போடுவான்.

ஜெயா, வடக்கு வளாகம்

ராமன் சார், முதலாவது பிழையில்லை. lim(x→0) 8 = 8 உண்மையான வாக்கியம்தான், தேவைதான் இல்லை. பிழையாவது வேறு ஒன்று: x-க்கு 0 போட்ட பிறகும் lim வைப்பது, அல்லது "= 0/0 =" என்று சங்கிலிக்கு நடுவில் எழுதுவது. 0/0 என்று ஓர் எண் இல்லை. அதை ஓரத்தில் "0/0 வடிவம்" என்று குறிப்பாக எழுதலாம், சமக்குறிகளுக்கு இடையில் வைக்கக்கூடாது.

இரண்டாவதைச் சாக்பீஸ் சார் சொல்லட்டும். மீனா அக்காவின் மூன்றாவது கேள்வி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மயூர் விஹார் மீனா

அதேதான் ஜெயா. 24 செ.மீ பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் x பக்கமுள்ள சதுரங்களை வெட்டி, மடித்து, மூடியில்லாப் பெட்டி செய்கிறார்கள். கொள்ளளவு அதிகபட்சமாக x என்ன?

```
V = x(24 − 2x)²
  = 4x³ − 96x² + 576x
  = 12x² − 192x + 576 = 0
  = x² − 16x + 48 = 0
  = (x − 4)(x − 12) = 0
x = 4, 12
```

அதன் பிறகு x = 12 வராது, x = 4, V = 1024 என்று சரியாக முடித்திருக்கிறாள். இதில் ஒன்றரை போயிற்று.

சாக்பீஸ்

இங்கே மூன்றாவது வரியில் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. V-ஐ வகையிட்டிருக்கிறாள். 4x³ − 96x² + 576x என்பதன் வகைக்கெழு 12x² − 192x + 576. இடையில் dV/dx என்று எழுதாமல் சமக்குறியால் ஒட்டிவிட்டாள். இப்போது V = … = 0 என்று படிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் கொள்ளளவு பூஜ்யம் என்று எழுதிவிட்டு, கீழே 1024 என்று முடிக்கிறாள். x = 1 போட்டாலே தெரியும்: இரண்டாவது வரி 484, மூன்றாவது வரி 396.

"dV/dx = 12x² − 192x + 576" என்பதும் "அதிகபட்சத்துக்கு dV/dx = 0" என்பதும் எந்தத் திட்டத்திலும் தனித்தனியாக மதிப்பெண் உள்ள வாக்கியங்கள். அவள் இரண்டையும் செய்திருக்கிறாள், ஆனால் எழுதவில்லை. இரண்டாம் வகைக்கெழு சோதனை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. அது இல்லை என்றால் ஒன்றரை போனது சரியே.

ராமன் சார், ⇒ பற்றி. 12x² − 192x + 576 = 0 என்ற வரியிலிருந்து x² − 16x + 48 = 0 என்ற வரிக்குப் போகும்போது ⇒தான் சரி. இரண்டும் முழு வாக்கியங்கள், ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை. மகள் அங்கே = போட்டது தப்பு. அந்த மட்டும் உங்கள் பையன் செய்வது சரி.

ஆனால் x(24 − 2x)² ⇒ 4x³ − 96x² + 576x என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. x(24 − 2x)² ஒரு கோவை. உண்மை, பொய் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அங்கே = தான் வேண்டும். ∫ … dx ⇒ … என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு, அதுவும் அப்படியே. எல்லா இடத்திலும் ⇒ போட்டால் ஒருவகைப் பிழை போய் இன்னொரு வகை வரும்.

ரோகிணி ராமன்

ஆனால் என் பையனுக்கு அதற்காக இதுவரை ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லையே.

சாக்பீஸ்

குறையாமல் இருந்திருக்கலாம் சார். தவறான = மதிப்பைப் பொய்யாக்குகிறது, அதைச் சரிபார்த்துக் குறைக்க முடியும். தவறான ⇒ பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது. நான் வட்டம் போட்டுக் காட்டுவேன், குறைக்கமாட்டேன். குறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

துவாரகா வாசி

என் மகன் வேறு பாடத்திட்டத்தில் படிக்கிறான், அமெரிக்காவின் ஏபி கால்குலஸ் எழுதினான். அங்கேயும் சமமில்லாதவற்றைச் சமக்குறியால் கோத்தால் புள்ளி போகலாம் என்று ஆசிரியர் எச்சரித்தார். அதோடு எண் விடையைச் சுருக்காமல் விட்டாலும் அங்கே ஏற்பார்கள் என்பதால் 2[(8/3 − 2) − (1/3 − 1)] என்ற வரியிலேயே நிறுத்திவிடச் சொன்னார். ஆனால் என் சந்தேகம் வேறு. மகள் + C போடவில்லையே, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லையே? என் மகனுக்கு அதிகம் போனது அதில்தான்.

சாக்பீஸ்

மகளுடையது 0 முதல் 3 வரை எல்லை உள்ள இண்டெக்ரல், அங்கே + C வேண்டாம். போட்டாலும் கழியும்போது போய்விடும். உங்கள் மகனுடையது எல்லை இல்லாததாகவோ வகைக்கெழுச் சமன்பாடாகவோ இருந்திருக்கும். சமன்பாட்டில் C எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். dy/dx = 2xy என்றால் தொகையிட்ட உடனே log |y| = x² + C. அங்கிருந்து y = A e^(x²). C-ஐ மறந்து y = e^(x²) வரை வந்து, ஞாபகம் வந்து கடைசியில் + C ஒட்டினால் y = e^(x²) + C. அதை வகையிட்டால் 2x e^(x²) வரும், 2xy வராது, C பூஜ்யமாக இருந்தால் ஒழிய. அது குறியீட்டுப் பிழை இல்லை, விடையே தப்பு.

போர்டில் இறுதி விடையை முழுதாகச் சுருக்கி எழுதுவதே நல்லது. ஏபி பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

மயூர் விஹார் மீனா

இன்று பள்ளிக்குப் போய்வந்தேன். முதல் கேள்விக்கு, ஒரே பிழைக்கு இரண்டு முறை குறைத்திருக்கிறது என்று சொன்னதும் ஆசிரியர் தாளை மறுபடி பார்த்து அரை மதிப்பெண் சேர்த்தார். dt-க்காக அவர் எதுவும் குறைக்கவில்லையாம், எல்லைகளுக்காகத்தானாம். இரண்டாவதில் மாற்றமில்லை. மூன்றாவதில் இரண்டாம் வகைக்கெழு சோதனை இல்லவே இல்லை, அதற்கு 1, dV/dx எழுதாததற்கு ½ என்று காட்டினார். நான் வாதாடவில்லை.

நொய்டா டெவலப்பர்

அப்படியானால் dt விட்டதற்கு மட்டும் என்றால் குறையாதா? எல்லைகள் சரியாக 1, 2 என்று இருந்து dt மட்டும் இல்லை என்றால்?

ஜெயா, வடக்கு வளாகம்

என்னைக் கேட்டால் குறைக்கத்தான் வேண்டும். அந்த 2t எங்கிருந்து வந்தது என்பதற்கு dt-தான் சாட்சி. என் டியூஷன் பிள்ளை ஒருத்தி முதல் வரியிலேயே dx எழுதமாட்டாள், இதே மாதிரிக் கணக்கில் 2t-யையும் விட்டுவிட்டாள். 1 முதல் 2 வரை (t² − 1)/t மட்டும் மிஞ்சியது. விடை 3/2 − log 2, அதாவது 0.81. சரியான விடை 2.67. dx எழுதியிருந்தால் அதை மாற்றாமல் அடுத்த வரிக்கு நகர முடிந்திருக்காது.

லைப்னிட்ஸ் 1675இல் ∫ குறியைப் போட்டபோது அது கூட்டுத்தொகையைக் குறிக்கும் summa என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தான S-ஐ நீட்டியதுதான். dx அதில் மெல்லிய பட்டையின் அகலம். உயரங்களை மட்டும் கூட்டினால் பரப்பு வராது.

சாக்பீஸ்

கருத்தில் ஜெயா சொல்வது சரி. ஆனால் மூன்று மணி நேரத்தில் 80 மதிப்பெண் எழுதும் பிள்ளை ஒரு வரியில் dt விட்டு, முன்னும் பின்னும் சரியாக இருந்தால் நான் குறைக்கமாட்டேன். கேள்வி முழுவதும் எங்கேயும் இல்லை என்றால் அரை குறைப்பேன். இதில் நானும் ஜெயாவும் ஒத்துப்போகப் போவதில்லை.

மயூர் விஹார் மீனா

மகள் பெட்டிக் கணக்கை மறுபடி எழுதியிருக்கிறாள். ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்:

```
V = x(24 − 2x)² = 4x³ − 96x² + 576x,  0 < x < 12
dV/dx = 12x² − 192x + 576
dV/dx = 0 ⇒ x² − 16x + 48 = 0
          ⇒ (x − 4)(x − 12) = 0
          ⇒ x = 4  (x = 12 பொருந்தாது)
d²V/dx² = 24x − 192 = −96 < 0
V = 4 · 16² = 1024 செ.மீ³
```

ஜெயா, வடக்கு வளாகம்

நன்றாக இருக்கிறது அக்கா. 0 < x < 12 என்று ஆரம்பத்திலேயே எழுதியதால் 12ஐ விலக்கிய காரணமும் தெரிகிறது.

ஆறாவது வரியை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். 24x − 192 என்பது எல்லா x-க்கும் −96 இல்லை, x = 4இல் மட்டும்தான். d²V/dx² = 24x − 192 என்று முடித்துவிட்டு, அடுத்த வரியில் "x = 4இல் d²V/dx² = 96 − 192 = −96 < 0, ஆகவே V அதிகபட்சம்" என்று எழுதட்டும். x = 10 போட்டால் அதே கோவை +48 ஆகும்.